திருப்பூருக்கும் ஒம்பது, பல்லடத்துக்கும் ஒம்பது: அப்புறம் ஏன் ஒண்ணு 9%, ஒண்ணு 150%?

கேள்வி: அண்ணா, நான் ஆர்ஓ மெஷின் டீலர் ஒருத்தர்கிட்ட கோவை பிராஞ்ச் பாக்கறேன். ஏப்ரல் ரிவ்யூல பல்லடம் பிராஞ்சுக்கு 150% குரோத்னு கைதட்டல், எங்களுக்கு 9%தான்னு மூஞ்சி சுளிச்சாங்க. மார்ச்சுல இருந்து ஏப்ரலுக்கு எங்களோடது 412ல இருந்து 449 மெஷின், ஈரோடு 186ல இருந்து 177, திருப்பூர் 96ல இருந்து 105, பல்லடம் 6ல இருந்து 15. பல்லடம் மார்ச் 20ந்தேதிதான் திறந்தாங்க. கணக்கு சரியாத்தான் இருக்கு ஆனா ஏதோ தப்பா படுது. என்ன தப்பு, அடுத்த மாசம் எப்படி நேர்மையா காட்டறது?

பதில்:

தம்பி, முதல்ல அந்த ஷீட்டுல "எவ்வளவு கூடுச்சு"ன்னு ஒரு காலம், அதாவது நெடுவரிசை, போட்டுப் பாருங்க, சதவீதத்த கொஞ்ச நேரம் மறைச்சு வச்சுட்டு. கோவை 37 கூடிருக்கு. திருப்பூர் 9 கூடிருக்கு, பல்லடமும் 9 கூடிருக்கு, ஈரோடு 9 கொறஞ்சிருக்கு. மூணு இடத்துலயும் அதே ஒம்பது மெஷின்தான், அதே லாபம், அதே டெக்னீஷியன் அதே மாதிரி போய் சுவத்துல ஓட்டை போட்டு மாட்டப் போறான், ஆனா ஷீட்டுல ஒண்ணு 9.4%, ஒண்ணு 150%, ஒண்ணு மைனஸ் 4.8%னு நிக்குது. ஒம்பது மாறல, வகுக்கற எண்ணுதான் மாறிருக்கு. சதவீத மாற்றம்ங்கறது ஒரு பின்னம், மேல இருக்கறது வளர்ச்சி, கீழ இருக்கறது நீங்க எங்க ஆரம்பிச்சீங்கங்கறது. கீழ இருக்கற எண்ணு சின்னதாக ஆக விடை பெருசாகும், அதுக்கு யாரும் கூடுதலா ஒரு மெஷின் கூட விக்க வேண்டியதில்ல. அதனால பல பிராஞ்ச சதவீத வரிசையில அடுக்கினா உச்சியில யாரு நிப்பான்னு விக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடலாம், பெரும்பாலும் இருக்கறதுலயே சின்ன பிராஞ்ச்தான். அடியிலயும் அவனேதான் நிப்பான், வேற மாசத்துல.

இப்ப நீங்க போற போக்குல சொன்ன ஒரு விஷயத்துக்கு வரேன், எனக்கு அதுதான் இந்த கதையிலயே பெருசு. பல்லடம் மார்ச் 20ல திறந்தாங்கன்னீங்க. அப்ப மார்ச்சுல அவங்க கடை திறந்திருந்தது 20லேர்ந்து 31 வரைக்கும், 12 நாள். 12 நாள்ல 6 மெஷின், அதாவது ரெண்டு நாளைக்கு ஒண்ணு. ஏப்ரல்ல 30 நாள்ல 15 மெஷின், அதுவும் ரெண்டு நாளைக்கு ஒண்ணு. (ஞாயித்துக்கிழமை லீவையெல்லாம் கழிச்சா கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், பெருசா மாறாது.) அதாவது அந்த 150%ல வியாபார வளர்ச்சி ஏறக்குறைய பூஜ்யம், மொத்தமும் காலண்டர் செஞ்ச வேலை. பாதி மாசம் திறந்திருந்த கடைய முழு மாசத்தோட ஒப்பிட்டா யாருக்கும் வளர்ச்சி வரும். புது பிராஞ்ச், புது பிராடக்ட், புது ஏரியா, எதுவா இருந்தாலும் "ஆரம்ப எண்ணு ஏன் சின்னதா இருக்கு"ன்னு முதல்ல கேக்கணும், முக்கால்வாசி நேரம் அங்கயே பதில் கெடைச்சிடும்.

சரி, அத விடுங்க, மார்ச் முழுசும் திறந்திருந்தாங்கன்னே வச்சுக்குவோம். அப்பவும் அந்த 150 நிக்காது, காரணம் வேற. உங்க ஊர்ல பில்லிங் எப்படி நடக்கும்னு யோசிச்சு பாருங்க. 31ந்தேதி சாயங்காலம் கஸ்டமர் காசு குடுத்தாச்சு, மெஷின் ஸ்டாக் வரல, இல்ல சிஸ்டம் ஹேங்க் ஆயிடுச்சு, பில் 1ந்தேதி விழுது. பல்லடத்துல அப்படி ஒரே ஒரு பில் தள்ளிப் போயிருந்தா உண்மை கணக்கு 6, 15 இல்ல, 7லேர்ந்து 14. குரோத் 100%. ரெண்டு பில் தள்ளிப் போயிருந்தா 8லேர்ந்து 13, 62.5%. ரெண்டே ரெண்டு பில்லு எந்த தேதியில விழுந்துச்சுங்கறதுல 150 வந்து 62 ஆகுது. அதே ரெண்டு பில் உங்க கோவையில தள்ளிப் போயிருந்தா 414லேர்ந்து 447, 9.0% வந்து 8.0% ஆகும், யாரும் கவனிக்க கூட மாட்டாங்க. ஒரு எண்ண நம்பலாமா வேணாமான்னு பாக்க நான் எப்பவும் செய்யற சோதனை இதுதான், ஒண்ணு ரெண்டு யூனிட்ட இங்கேர்ந்து அங்க நகத்தி பாக்கறது. ஸ்லைடுல இருக்கற தலைப்பே மாறிப் போச்சுன்னா அந்த எண்ணு தலைப்புக்கு லாயக்கில்ல.

இதுக்கு பின்னாடி ஒரு கணக்கு இருக்கு, பயப்படாதீங்க சின்னதுதான். ஆர்டருங்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம தனித்தனியா வந்தா, எந்த காரணமும் இல்லாமலே மாசா மாசம் அந்த எண்ணு ஏறி எறங்கும், அது எவ்வளவுன்னா ஏறக்குறைய அந்த எண்ணோட வர்க்கமூலம் அளவுக்கு. 400 மெஷின் விக்கற எடத்துல சும்மாவே 20 கூட கொறைய ஆடும், அது 5%. 6 மெஷின் விக்கற எடத்துல ரெண்டரை ஆடும், கேக்க சின்னதா இருந்தாலும் 6ல ரெண்டரைங்கறது 40%. ரெண்டு மாசத்த ஒப்பிடும்போது ரெண்டு எண்ணும் ஆடும், அதனால ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்க. பல்லடத்துக்கு 6ம் 15ம் 21, வர்க்கமூலம் நாலரை சொச்சம். கூடினது 9. அதாவது ஆட்டத்த விட ரெண்டு மடங்கு, அதனால முழுக்க குருட்டு அதிர்ஷ்டம்னும் தள்ள முடியாது. கோவைக்கு 412ம் 449ம் 861, வர்க்கமூலம் 29. கூடினது 37. அது ஆட்டத்த விட ஒண்ணேகால் மடங்குதான்.

இத உங்களுக்கு கேக்க கசக்கும்னு தெரியும், ஆனா கேள்வில நேர்மைன்னு போட்டிருக்கீங்க அதனால சொல்றேன், உங்க 9%ம் அவ்வளவு உறுதியான எண்ணு கிடையாது. 95% உறுதியோட எல்லை போட்டா உங்களோட உண்மை வளர்ச்சி மைனஸ் 5%லேர்ந்து ப்ளஸ் 25% வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். பல்லடத்துக்கு அதே எல்லை மைனஸ் 3%லேர்ந்து ப்ளஸ் 540% வரைக்கும். ரெண்டு பேருக்கும் ஏறிருக்கா இல்லையாங்கறதே சந்தேகந்தான், ஆனா உங்க விஷயத்துல அந்த சந்தேகம் ஒரு சின்ன கூண்டுக்குள்ள நிக்குது, அவங்க விஷயத்துல மைதானம் பூரா ஓடுது. 150ங்கறது அந்த மைதானத்துல எங்கயோ ஒரு புள்ளி. அதப் போய் பெரிய ஃபான்ட்ல போட்டு கைதட்டினா அடுத்த மாசம் அதே மேடையில அசிங்கப்படணும்.

இந்த வர்க்கமூல கணக்குக்கும் ஒரு எல்லை இருக்கு, ஆர்டருங்க தனித்தனியா வரணும்னு சொன்னேன்ல. உங்க தொழில்ல ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷன்காரங்க சேந்து ஒரே நாள்ல அஞ்சு மெஷின் எடுப்பாங்க. பல்லடத்தோட 15ல அப்படி ஒரு அஞ்சு இருந்துச்சுன்னா அங்க நடந்தது பதினஞ்சு விற்பனை இல்ல, பதினொண்ணு. அப்ப ஆட்டம் இன்னும் ஜாஸ்தி, நான் போட்ட எல்லை இன்னும் அகலமாகும். இன்வாய்ஸ எடுத்து கஸ்டமர் பேர் வாரியா எண்ணிப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

இன்னொரு கூத்து இருக்கு. உங்க ரிவ்யூல "ஏரியா சராசரி வளர்ச்சி"ன்னு ஒரு வரி இருந்துச்சா? இருந்தா அது எப்படி போட்டாங்கன்னு கேளுங்க. நாலு சதவீதத்தையும் கூட்டி நாலால வகுத்திருந்தா 9.0, மைனஸ் 4.8, 9.4, 150, மொத்தம் 163.6, வகுத்தா 41%. நிஜம் என்னன்னா மொத்த விற்பனை 700லேர்ந்து 746, கூடினது 46, அதாவது 6.6%. ஆறரை பர்சன்ட் வளந்த கம்பெனிய நாப்பத்தொண்ணுன்னு காட்டுது அந்த வரி, அதுல ஒரு எண்ணு கூட பொய் இல்ல. 6 மெஷின் வித்த பிராஞ்சுக்கும் 412 மெஷின் வித்த பிராஞ்சுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு குடுத்ததுதான் தப்பு. சதவீதத்த சதவீதத்தோட கூட்டாதீங்க, எண்ண எண்ணோட கூட்டிட்டு கடைசியா ஒரு தடவ வகுங்க.

இது ஏதோ நம்ம மாதிரி சின்ன ஆபீஸ்ல மட்டும் நடக்கற விஷயம்னு நெனைக்காதீங்க, நாட்டுக்கே நடந்திருக்கு. தொழில் உற்பத்தி குறியீடுன்னு மத்திய புள்ளியியல் அமைச்சகம் மாசா மாசம் ஒண்ணு வெளியிடும், ஐஐபின்னு சொல்வாங்க, அப்ப 2011-12 உற்பத்திய 100னு வச்சு போட்டாங்க. 2020 மார்ச் 25ல லாக்டவுன் வந்துச்சு, ஏப்ரல்ல பெரும்பாலான ஃபேக்டரி மூடிக்கெடந்துச்சு, குறியீடு 54க்கு விழுந்துடுச்சு. அடுத்த வருஷம் 2021 ஏப்ரலுக்கு முதல்ல வந்த எண்ணு 126.6. வகுத்துப் பாருங்க, 134% வளர்ச்சி! ஆனா லாக்டவுனுக்கு முந்தின 2019 ஏப்ரல்லயும் குறியீடு ஏறக்குறைய அதே 126தான். ரெண்டு வருஷத்துல ஃபேக்டரிங்க ஒரு அடி கூட முன்னாடி போகல, பள்ளத்துல விழுந்து ஏறி பழைய எடத்துக்கு வந்திருக்கு, அவ்வளவுதான். இதுல அமைச்சகத்த நான் பாராட்டுவேன், 2020ல அந்த ஏப்ரல் எண்ண வெளியிடும்போதே இத மத்த மாசங்களோட ஒப்பிடறது சரியா இருக்காதுன்னு எழுதிட்டாங்க. அப்பறமும் வகுத்து தலைப்பு போட்டவங்க போட்டாங்க.

கார் விக்கறவங்க பாடு அத விட வேடிக்கை. மாருதி சுசூகி 2020 ஏப்ரல்ல உள்நாட்டுல ஒரு கார் கூட விக்கல, பூஜ்யம்னு அவங்களே அறிவிச்சாங்க. அடுத்த ஏப்ரல்ல எத்தன வித்தாலும் சதவீதம் போட முடியாது, எக்செல்ல `#DIV/0!`னு வந்து நிக்கும். நிறைய பேர் அந்த எரர மறைக்கறதுக்காக `IFERROR` போட்டு 0%னோ 100%னோ காட்டுவாங்க, ரெண்டுமே தப்பு. பூஜ்யத்துக்கு கணக்கு கையெடுத்து கும்பிட்டு ஒதுங்கிடுது, நல்ல விஷயம். பிரச்சனை என்னன்னா 1க்கும் 2க்கும் 6க்கும் அது ஒதுங்காது, தைரியமா ஒரு பெரிய எண்ண குடுத்துட்டு போயிடும்.

நானும் இதுல அடி வாங்கினவன்தான். வேலைக்கு சேந்த புதுசுல ஒரு மில்லுல எம்ஐஎஸ் ரிப்போர்ட் போடுவேன், ஏற்றுமதி விசாரணை 300% கூடுச்சுன்னு பச்ச கலர்ல அம்புக்குறியெல்லாம் போட்டு ஸ்லைடு வச்சேன். முதலாளி கண்ணாடிய எறக்கி பாத்துட்டு "எத்தன தம்பி?"ன்னார். "ஒண்ணு இருந்துச்சுங்க, நாலு ஆயிருக்குங்க"ன்னேன். ஒண்ணும் சொல்லல, அடுத்த ஸ்லைடுன்னு கைய மட்டும் காட்டினார். அன்னிக்கிலேர்ந்து எண்ணு இல்லாம சதவீதம் போடறதில்ல.

பல்லடம் பிராஞ்ச் பாக்கற பையனுக்கும் இந்த முறை நல்லது பண்ணாதுங்க. அவன் இனிமே மாசா மாசம் சொல்லி வச்ச மாதிரி ஒம்பது ஒம்பதா கூட்டறான்னு வைங்க, 6, 15, 24, 33. சதவீதம் எப்படி வரும்? 150, அப்பறம் 60, அப்பறம் 37.5. ஆள் ஒரே வேகத்துல ஓடறான், ரிவ்யூல "வளர்ச்சி சரிஞ்சுக்கிட்டே வருது"ன்னு திட்டு வாங்குவான். ஒரு வேள மே மாசம் திரும்ப 6க்கே விழுந்துடுச்சுன்னா அது மைனஸ் 60%. ஏறும்போது 150, எறங்கும்போது 60, கூட்டிப் பாக்கறவனுக்கு இன்னும் 90 லாபம் மாதிரி தெரியும், ஆனா ஆள் கெளம்பின எடத்துலயே நிக்கறான். இந்த ஏத்த எறக்க குழப்பம் பெரிய எண்ணுலயும் உண்டு, ஆனா கோவை 449லேர்ந்து 412க்கு வந்தா மைனஸ் 8.2%, ஏறினது 9.0%, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

இப்ப எப்படி காட்டறதுன்னு பாப்போம். நான் பண்றது ரொம்ப எளிமை, முதல் ரெண்டு காலம் மார்ச் எண்ணு, ஏப்ரல் எண்ணு, மூணாவது கூடினது கொறஞ்சது, நாலாவதுதான் சதவீதம், அதுவும் எல்லாருக்கும் கெடையாது. ஆரம்ப எண்ணு 30க்கு கீழ இருந்தா சதவீதத்துக்கு பதிலா எண்ணையே எழுதிடுவேன். 30ங்கறது வேதவாக்கு இல்ல, வர்க்கமூலத்த வச்சு பாத்தா 30ல சும்மா ஆடற ஆட்டமே 18%, அதுக்கு கீழ போனா ஒரு மாச சதவீதத்துக்கு அர்த்தம் ரொம்ப கொறைவு, அதனால நான் வச்சுக்கிட்ட கோடு. அமெரிக்காவுல நோய் கட்டுப்பாட்டு மையமான சிடிசியோட `WONDER` டேட்டாபேஸ்ல மாவட்ட வாரியா இறப்பு விகிதம் எடுத்தா, இறப்பு எண்ணிக்கை 10லேர்ந்து 19 வரைக்கும் இருக்கற எடத்துல விகிதத்துக்கு பதிலா `Unreliable`னு வரும், அவங்க கோடு 20. நீங்க எத வேணா வைங்க, ஆனா ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி வைங்க, வந்தப்பறம் வச்சா பல்லடத்துக்காரங்க உங்கள சும்மா விட மாட்டாங்க.

பி காலத்துல மார்ச், சி காலத்துல ஏப்ரல், ரெண்டாவது வரிசையிலேர்ந்து நாலு பிராஞ்ச் இருந்தா இத போடுங்க:

```
=IF(B2<30, B2&" → "&C2, TEXT(C2/B2-1,"0.0%"))
```

பல்லடத்துக்கு நேரா 150% வராது, 6 → 15னு வரும். பாக்கறவங்களே புரிஞ்சுக்குவாங்க.

அஞ்சாவதா ஒரு காலம் போடுங்க, உங்க மனக்குறைக்கு உண்மையான மருந்து இதுதான். ஒவ்வொரு பிராஞ்சும் கூட்டினத அந்தந்த பிராஞ்சோட பழைய எண்ணால வகுக்காம, மொத்த கம்பெனியோட பழைய எண்ணால வகுக்கறது:

```
=100*(C2-B2)/SUM(B$2:B$5)
```

இப்ப எல்லாருக்கும் கீழ ஒரே 700. கோவை 5.3, திருப்பூர் 1.3, பல்லடம் 1.3, ஈரோடு மைனஸ் 1.3. கூட்டிப் பாருங்க, 6.6. கம்பெனி வளந்த 6.6%ல யாரு எவ்வளவு கொண்டாந்தாங்கன்னு நேரா தெரியுது, திருப்பூரும் பல்லடமும் கடைசியில சமமா நிக்கறாங்க, ஈரோடு விட்டது பல்லடம் புடிச்சதுக்கு சரியா போச்சுங்கறதும் தெரியுது. இதுக்கு பங்களிப்புன்னு பேர் வைங்க, "சதவீத புள்ளி"ன்னு எழுதுங்க, வளர்ச்சின்னு எழுதாதீங்க, இல்லன்னா "எனக்கு எப்படி வெறும் 1.3% வளர்ச்சி"ன்னு பல்லடத்துலேர்ந்து போன் வரும்.

இதுலயும் ஒரு ஓரவஞ்சனை இருக்கு, அத மறைக்க மாட்டேன். பங்களிப்பு காலத்துல எப்பவும் பெரிய பிராஞ்ச்தான் பெருசா தெரியும். நெசமாவே மாசா மாசம் ரெட்டிப்பாகற ஒரு சின்ன கடை, 6, 12, 24, 48னு போறது, அதுல முதல் ரெண்டு மாசத்துக்கு தூசி மாதிரிதான் இருக்கும், அப்பறம் திடீர்னு எல்லாத்தையும் முழுங்கும். அத புடிக்க மாச சதவீதம் உதவாது, ஏழெட்டு மாசத்த வரிசையா கோட்டுப்படத்துல போட்டு, நின்ன அச்ச லாக் ஸ்கேலுக்கு மாத்துங்க, எக்செல்ல அச்சு மேல ரைட் கிளிக் பண்ணி `Format Axis`ல `Logarithmic scale`னு ஒரு டிக்குதான். அந்த ஸ்கேல்ல நேர்கோடா ஏறினா நெசமாவே மடங்குல வளருது, வளைஞ்சு படுத்துச்சுன்னா ஒம்பது ஒம்பதா கூடற சமாச்சாரம். ஆனா ரெண்டு புள்ளிய வச்சு எந்த கோடும் நேராத்தான் வரும், அதனால பல்லடத்துக்கு இத இப்ப போட்டு பிரயோஜனம் இல்ல, குறைஞ்சது ஆறு மாசம் போகட்டும்.

எல்லா பிராஞ்சையும் மார்ச் 100னு வச்சு ஒரே படத்துல கோடு போடற பழக்கம் சில பேருக்கு உண்டு, அத மட்டும் ஒத்துக்காதீங்க. அதுவும் இதே 150%தான், படமா மாறு வேஷம் போட்டு வருது. பல்லடம் 250க்கு எகிறி நிக்கும், மத்த மூணும் தரையோட தரையா ஒட்டிக்கிட்டு கெடக்கும்.

கடைசியா மார்ச் ஏப்ரல் ஒப்பீடே உங்க தொழிலுக்கு கொஞ்சம் வில்லங்கந்தான், வெயில் ஏற ஏற தண்ணி மெஷின் விக்கும், அதோட மார்ச்சுல வருஷக்கணக்கு முடிக்கற அவசரம் வேற. கோவைக்கும் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் போன வருஷ ஏப்ரல பக்கத்துல போடுங்க. பல்லடத்துக்கு போன வருஷம்னு ஒண்ணு இல்ல, அந்த கட்டத்த காலியா விட்டுட்டு கீழ சின்னதா "மார்ச் 20 முதல், மார்ச்சுல 12 நாள், நாளுக்கு 0.5, ஏப்ரல்ல நாளுக்கு 0.5"ன்னு எழுதிடுங்க. ரிவ்யூல அந்த 150ஐ நீங்க வாயத் தொறந்து மறுக்கவே வேண்டாம், அந்த பையன் மேலயும் தப்பு இல்ல, ஷீட்ட முன்னாடி நாள் சாயங்காலமே எல்லாருக்கும் அனுப்பிடுங்க.